வைர வடிவமும் அதன் உறவினர்களும்: மட்டு மதிப்பு அசமன்பாடுகளைத் தளத்தில் வரைவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

|x| + |y| ≤ 4 வரையச் சொன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் கால்பகுதியிலிருந்து. அங்கே x, y இரண்டும் பூச்சியமாகவோ அதற்கு மேலாகவோ இருப்பதால் மட்டுக்குறிகளுக்கு வேலையே இல்லை, கழற்றி வைத்துவிடலாம். மிஞ்சுவது x + y ≤ 4. (4, 0), (0, 4) இரண்டையும் நேர்கோட்டால் சேர்த்து, ஆதிப்புள்ளி இருக்கும் பக்கத்தை நிழலிடுங்கள். இரண்டு அச்சுகளும் அந்தக் கோடும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். வரைய வேண்டியது அவ்வளவுதான், மீதியைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும்.

எந்தக் கண்ணாடி என்றால், x இருக்கும் இடத்தில் −x போட்டுப் பாருங்கள். |−x| = |x| என்பதால் அசமன்பாடு துளியும் மாறவில்லை. அதாவது (3, 1) பகுதிக்குள் இருந்தால் (−3, 1) கட்டாயம் உள்ளே இருக்கும். ஆகவே y அச்சைக் கண்ணாடியாக வைத்து முக்கோணத்தை இடப்பக்கம் பிரதி எடுக்கலாம். y-க்கும் இதே கதைதான், x அச்சைக் கண்ணாடியாக வைத்து மேலே இருப்பதைக் கீழே இறக்கலாம். நான்கு முக்கோணங்களும் ஆதிப்புள்ளியில் கூடி (4, 0), (0, 4), (−4, 0), (0, −4) என்ற முனைகளோடு வைரமாக நிற்கும்.

இதைச் செய்து பார்க்க நல்ல வழி, காகிதத்தை நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை என நான்காக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து இரண்டு விளிம்புகளிலும் 4 செ.மீ. குறித்து, குறுக்கே ஒரே ஒரு வெட்டு வெட்டுவது. விரித்தால் வைரம். மடிப்புக்கோடுகள்தான் அச்சுகள்.

x, y-யின் குறிகளைப் பொறுத்து நான்கு வழக்காகப் பிரித்தேன், ஆனால் நான்கு நீளமான கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வந்து நிற்கின்றன. எங்கே தப்பு?

கோடுகள் சரி, நீளம்தான் தப்பு. x + y = 4 என்ற சமன்பாடு x ≥ 0, y ≥ 0 என்ற நிபந்தனையோடு பிறந்தது. அதைக் கால்பகுதிக்கு வெளியே நீட்டினால் அதற்கு அங்கே உரிமை இல்லை. (6, −2) அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கிறது, 6 + (−2) = 4. ஆனால் |6| + |−2| = 8. எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் நேராக அது எந்தக் கால்பகுதியைச் சேர்ந்தது என்று எழுதி, கோட்டை அச்சில் கொண்டுவந்து நிறுத்துங்கள். விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் பார்த்த பிழை இதுதான், கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் படம் மட்டும் கெட்டுப்போயிருக்கும்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது, அது தெரிந்தால் நீண்ட கோடுகளும் உதவியாகவே மாறும். |x| என்பது x, −x இரண்டில் பெரியது. |y|-யும் அப்படியே. எனவே |x| + |y| என்பது x + y, x − y, −x + y, −x − y என்ற நான்கில் மிகப் பெரியது. மிகப் பெரியதே 4-ஐத் தாண்டவில்லை என்றால் நான்குமே தாண்டவில்லை. ஆகவே |x| + |y| ≤ 4 என்பதற்கு, நான்கு அரைத்தளங்களும் ஒன்றாக வெட்டிக்கொள்ளும் இடம் என்று பொருள். நீளக் கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு நான்குக்கும் பொதுவான பகுதியை மட்டும் நிழலிட்டாலும் அதே வைரம் வரும்.

≥ 4 என்று திரும்பினால் கதை மாறும். மிகப் பெரியது 4-ஐ எட்டினால் போதும், நான்கில் ஏதோ ஒன்று எட்டினாலே சரி. இங்கே 'மற்றும்' போய் 'அல்லது' வந்துவிடுகிறது. பழக்கதோஷத்தில் இங்கும் நான்கையும் ஒரே நேரத்தில் கேட்டால் x + y ≥ 4, −x − y ≥ 4 இரண்டையும் கூட்டி 0 ≥ 8 என்ற அபத்தத்தில் போய் நிற்பீர்கள். அப்படி வெற்றுக் கணம் வந்தால், உடனே 'அல்லது' போட வேண்டிய இடத்தில் 'மற்றும்' போட்டீர்களா என்று பாருங்கள்.

வைரம் என்கிறோமே, அது உண்மையில் சதுரமா? ஏன் வட்டம் வரவில்லை?

சதுரமேதான், 45 பாகை திரும்பி நிற்கிறது. பக்கங்களின் சாய்வு 1, −1 என மாறி மாறி வருகிறது, பெருக்கினால் −1, ஆகவே ஒவ்வொரு மூலையும் செங்கோணம். பக்க நீளம் 4√2, பரப்பு 32. பொதுவாக |x| + |y| ≤ k என்றால் பரப்பு 2k².

வட்டம் வராததற்குக் காரணம் நாம் தூரத்தை அளக்கும் விதம். x² + y² ≤ 16 ஆதிப்புள்ளியிலிருந்து குறுக்கே நேராகப் போகும் தூரத்தை அளக்கிறது. |x| + |y| அளப்பது அச்சுகளுக்கு இணையாக மட்டுமே நடந்து போகும் தூரத்தை: முதலில் கிடையாக, அப்புறம் செங்குத்தாக. (2, 2)-க்குப் போக 4 அலகு நடக்க வேண்டும், அதனால் அது வைரத்தின் விளிம்பில் இருக்கிறது. வட்டக் கணக்கில் அதே புள்ளி 2√2, சுமார் 2.83 அலகு தூரத்திலேயே இருக்கிறது, வட்டத்துக்குள் நன்றாக உள்வாங்கி. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் நான்கு முனைகளில் மட்டும் தொட்டுக்கொண்டு வைரம் முழுக்க வட்டத்துக்குள் அடங்கும். தூரத்தை இப்படி அளப்பதன் கணிதத்தை முறையாக வளர்த்தவர்களில் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி முக்கியமானவர்.

|x − 3| + |y + 1| ≤ 4 என்று வந்தால்?

அதே வைரம்தான், நடுப்புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கிறது. நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கக் குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு மட்டுக்களும் எங்கே பூச்சியமாகின்றன என்று கேளுங்கள். x = 3, y = −1. அவ்வளவுதான், நடுப்புள்ளி (3, −1). அங்கிருந்து நான்கு திசையிலும் 4 அலகு: (7, −1), (−1, −1), (3, 3), (3, −5).

இங்கே கவனம் தேவைப்படுவது கண்ணாடி விஷயத்தில். x-க்குப் பதிலாக −x போட்டால் |−x − 3| = |x + 3| ஆகிவிடுகிறது, அசமன்பாடு மாறிப்போகிறது. ஆகவே அச்சுகள் இனிக் கண்ணாடி இல்லை. கண்ணாடிகள் x = 3, y = −1 என்ற கோடுகளுக்கு நகர்ந்துவிட்டன. வழக்குகளாகப் பிரிப்பதானாலும் அந்தக் கோடுகளில்தான் பிரிக்க வேண்டும். கால்பகுதிகளாகப் பிரித்தால் தேவையில்லாமல் சிக்கும். மெல்லிய புள்ளிக்கோடாக அந்த இரண்டையும் முதலில் போட்டுவிட்டு, அதைப் புது அச்சு மாதிரி நினைத்துக்கொண்டு வரைவது என் வழக்கம்.

சரிபார்க்க ஆதிப்புள்ளியைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பொறி வைத்திருக்கிறது. |0 − 3| + |0 + 1| = 4, சரியாக எல்லையில் வந்து விழுகிறது. (−1, −1)-லிருந்து (3, 3)-க்குப் போகும் பக்கம் y = x என்ற கோட்டின் துண்டு, அது ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது. எல்லையில் இருக்கும் புள்ளி எந்தப் பக்கத்தை நிழலிட வேண்டும் என்று சொல்லாது. சோதனைக்கு எப்போதும் நடுப்புள்ளியையே எடுங்கள், அங்கே மட்டுக்கள் இரண்டும் பூச்சியம், கணக்கும் சுலபம்.

முன்னால் எண்கள் இருந்தால், 2|x| + 3|y| ≤ 12 மாதிரி, வடிவம் எப்படி மாறும்?

முதல் கால்பகுதியில் 2x + 3y ≤ 12. y = 0 என்றால் x = 6, x = 0 என்றால் y = 4. எனவே முனைகள் (±6, 0), (0, ±4). நான்கு பக்கமும் சமம், ஆனால் மூலைகள் செங்கோணம் இல்லை, அதாவது சாய்சதுரம். பரப்பு மூலைவிட்டங்களின் பெருக்கத்தில் பாதி: 12 × 8 ÷ 2 = 48.

பெரிய எண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வடிவம் ஒடுங்கும். 3|y| என்பது y-யில் நகர்வதற்கு அதிக விலை, சீக்கிரம் 12 தீர்ந்துவிடுகிறது என்று நினைத்தால் மறக்காது. இதைத் தலைகீழாக, 3 இருப்பதால் மேலே நீளும் என்று நினைப்பவர்கள் உண்டு.

|2x − 6| + |3y| ≤ 12 என்று எழுதிக் கொடுத்தால் நடுப்புள்ளி (6, 0) இல்லை. 2-ஐ வெளியே எடுங்கள், |2x − 6| = 2|x − 3|. நடுப்புள்ளி (3, 0), அங்கிருந்து கிடையாக 6, செங்குத்தாக 4.

|x| + |y| ≤ 2, |x + y| ≤ 2 இரண்டும் ஒன்றா?

இல்லை, படத்தில் பார்த்தால் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். |x + y| ≤ 2 என்றால் −2 ≤ x + y ≤ 2. இணையான இரண்டு கோடுகள், x + y = 2, x + y = −2, அவற்றுக்கு நடுவில் முடிவில்லாமல் ஓடும் ஒரு பட்டை. (100, −100) அதற்குள் இருக்கிறது, ஏனென்றால் கூட்டினால் பூச்சியம். வைரத்தில் அந்தப் புள்ளிக்கு மதிப்பு 200.

எப்போதும் |x + y| ≤ |x| + |y| என்பதால் வைரத்தில் இருக்கும் எந்தப் புள்ளியும் பட்டையிலும் இருக்கும். |x − y| ≤ 2 என்பது எதிர்ப்பக்கம் சாய்ந்த இன்னொரு பட்டை. இரண்டு பட்டைகளும் வெட்டிக்கொள்ளும் இடம் எது என்றால், அதே வைரம்! மேலே சொன்ன நான்கு அரைத்தளங்களை இரண்டிரண்டாகச் சேர்த்ததுதான் இந்த இரண்டு பட்டைகள், புதிதாக எதுவும் நடக்கவில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. |x + y| + |x − y| ≤ 4 என்று கூட்டல் வடிவில் வந்தால் என்ன வரும்? முதல் கால்பகுதியில் x ≥ y என்ற பாதியில் (x + y) + (x − y) = 2x, ஆகவே x ≤ 2. y ≥ x என்ற மறுபாதியில் (x + y) + (y − x) = 2y, ஆகவே y ≤ 2. இரண்டும் சேர்ந்து (0, 0)-லிருந்து (2, 2) வரை ஒரு சின்னச் சதுரம். y-க்கு −y போட்டால் இரண்டு மட்டுக்களும் இடம் மாறிக்கொள்கின்றனவே தவிரக் கூட்டல் அப்படியே இருக்கிறது, x-க்கும் அப்படியே, எனவே அச்சுக் கண்ணாடிகள் இங்கே செல்லும். பிரதி எடுத்தால் அச்சுகளுக்கு இணையான பக்கங்களோடு −2 முதல் 2 வரை ஒரு சாதாரணச் சதுரம். திரும்பி நின்ற வைரம் மறுபடி திரும்பி நேராக உட்கார்ந்துவிட்டது.

கண்ணாடி வித்தை எப்போது செல்லாது?

x, y ஏதாவது ஒன்று மட்டுக்குறிக்கு வெளியே தனியாக நின்றால் சந்தேகப்படுங்கள். |x| + |y| ≤ 4 + x என்பதை எடுத்துக்கொள்வோம். y மட்டுக்குள்தான் இருக்கிறது, ஆகவே x அச்சுக் கண்ணாடி செல்லும், மேலிருப்பதைக் கீழே பிரதி எடுக்கலாம். ஆனால் வலப்பக்கத்தில் x வெறுமையாக நிற்கிறது, y அச்சுக் கண்ணாடி செல்லாது, வலமும் இடமும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

x ≥ 0 என்றால் இருபுறமும் x அடிபட்டு |y| ≤ 4 மட்டும் மிஞ்சும், அதாவது −4-க்கும் 4-க்கும் நடுவில் வலப்பக்கம் முடிவில்லாமல் போகும் பட்டை. x < 0 என்றால் |x| = −x, எனவே |y| ≤ 4 + 2x. x = 0-வில் இது ±4, x = −2-வில் பூச்சியம், அதற்கும் இடப்பக்கம் போனால் வலது பக்கம் குறை எண்ணாகிவிடுவதால் எதுவும் இல்லை. (−2, 0)-வில் கூர்மையாகத் தொடங்கி (0, 4), (0, −4) வரை விரிந்து, அப்புறம் நேராக ஓடும் வடிவம். சீவிய பென்சிலைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். வழக்கம்போல முதல் கால்பகுதியை மட்டும் வரைந்து நான்கு பக்கமும் பிரதி எடுத்திருந்தால் கூர்முனை காணாமல் போய் இருபுறமும் ஓடும் பட்டை வந்திருக்கும், தவறென்று சந்தேகமே வராது. ஆகவே வரைவதற்கு முன்னால் −x போட்டுப் பார்க்கும் அந்தப் பத்து விநாடியை விடாதீர்கள்.

|x| − |y| ≤ 2 வரைந்தால் வைரம் வரவில்லையே?

வராது. கழித்தல் குறி வந்ததும் பகுதி திறந்துகொள்கிறது. முதல் கால்பகுதியில் x − y ≤ 2, எல்லைக்கோடு (2, 0)-வில் தொடங்கி மேலே வலப்பக்கம் சாய்வு 1-ஓடு ஏறிக்கொண்டே போகும். பிரதி எடுத்தால் (2, 0)-வில் மூக்கை வைத்து வலப்பக்கம் வாய் திறந்த ஒரு V, (−2, 0)-வில் மூக்கை வைத்து இடப்பக்கம் வாய் திறந்த ஒரு V. இரண்டுக்கும் நடுவில் உள்ளதெல்லாம் விடை, y அச்சு முழுக்க அதில் அடக்கம். (5, 1)-ல் 5 − 1 = 4, வெளியே. (5, 3)-ல் சரியாக 2, எல்லையில். (1, −9)-ல் −8, உள்ளே.

இங்கே கோடுகளை நீட்டி வரைவது முன்பைவிட ஆபத்து. கூட்டலில் 'மிகப் பெரியது' என்ற வாதம் காப்பாற்றியது. −|y| என்பது y, −y இரண்டில் சிறியது, அதனால் அந்த வாதம் இங்கே ஓடாது. x − y = 2 என்ற கோட்டை x அச்சுக்குக் கீழே நீட்டினால் (1, −1) வழியாகப் போய் (0, −2)-ஐத் தொடும். (1, −1)-ல் |x| − |y| = 0, அது பகுதியின் நடுவயிறு, எல்லையே இல்லை.

||x| − 3| + ||y| − 2| ≤ 1 மாதிரி மட்டுக்குள் மட்டு வந்தால் கை நடுங்குகிறது. எப்படிப் பிரிப்பது?

பிரிக்கவே வேண்டாம். நேரடியாக வழக்குப் பிரித்தால் பதினாறு வரும், யாருக்கும் பொறுமை இருக்காது. உள்ளே இருக்கும் |x|, |y| இரண்டும் அச்சுக் கண்ணாடிகளைக் கொடுத்துவிட்டன, முதல் கால்பகுதியில் அவை x, y ஆகிவிடும். மிஞ்சுவது |x − 3| + |y − 2| ≤ 1, நமக்குப் பழகிய நகர்ந்த வைரம். நடுப்புள்ளி (3, 2), முனைகள் (4, 2), (2, 2), (3, 3), (3, 1). நான்கும் முதல் கால்பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. பிரதி எடுத்தால் (±3, ±2) என்ற நான்கு நடுப்புள்ளிகளில் நான்கு தனித்தனி வைரங்கள். ஒவ்வொன்றின் பரப்பு 2, மொத்தம் 8.

இப்போது வலது பக்க எண்ணை 1-லிருந்து 3-ஆகப் பெரிதாக்குங்கள். கணக்கு சுவாரசியமாவது இங்கேதான். (3, 2)-ஐ நடுவாகக் கொண்டு 3 அலகு போனால் முனைகள் (6, 2), (0, 2), (3, 5), (3, −1). கடைசி முனையைப் பாருங்கள், அது x அச்சுக்குக் கீழே போய்விட்டது. முதல் கால்பகுதிக்கு வெளியே இருக்கும் எதையும் நாம் வைத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் |y|-ஐ y என்று எழுதியதே y ≥ 0 என்ற நம்பிக்கையில்தான். ஆகவே வைரத்தின் அடிமூக்கை x அச்சில் வெட்டியெறிய வேண்டும். எங்கே வெட்டுகிறது? y = 0 போட்டால் |x − 3| + 2 ≤ 3, அதாவது x 2-லிருந்து 4 வரை. வெட்டுப்படும் முக்கோணத்தின் அடி 2, உயரம் 1, பரப்பு 1. முழு வைரத்தின் பரப்பு 18, மிஞ்சுவது 17.

பலர் இந்த இடத்தில் முழு வைரத்தையே கீழே பிரதி எடுத்து, இரண்டு வைரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் படத்தை வரைகிறார்கள். இந்த எண்களில் விளிம்புகள் (2, 0), (4, 0)-வில் குறுக்கிட்டுக்கொண்டு உள்ளே ஒரு குட்டி வைரம் தெரியும். (3, −1) அதன் முனையாக நிற்கும், ஆனால் அசல் அசமன்பாட்டில் போட்டால் 0 + |1 − 2| = 1, எல்லை மதிப்பான 3-க்கு எவ்வளவோ கீழே. அது உட்புறம், அங்கே எந்தக் கோடும் வரக்கூடாது. நிழலிட்ட பகுதி என்னவோ தற்செயலாகச் சரியாகத்தான் வந்திருக்கும், எல்லைக்கோடுதான் தப்பாகியிருக்கும், பரப்பைக் கூட்டினால் 72 என்று தப்பாக வரும். சரியான விடை 17 × 4 = 68.

பிரதி எடுத்த படத்தை நின்று பாருங்கள். மேலும் கீழும் இருக்கும் துண்டுகள் x அச்சில் 2 முதல் 4 வரை ஒட்டிக்கொள்கின்றன. வலமும் இடமும் (0, 2), (0, −2) என்ற புள்ளிகளில் மட்டும் நுனியால் தொட்டுக்கொள்கின்றன. நடுவில் ஒரு ஓட்டை. ஆதிப்புள்ளியில் மதிப்பு 3 + 2 = 5, அதனால் அது வெளியே. ஓட்டையின் வடிவம் என்ன? முதல் கால்பகுதியில் x < 3, y < 2 இருக்கும் மூலையில் அசமன்பாடு (3 − x) + (2 − y) ≤ 3, அதாவது x + y ≥ 2. ஆக ஓட்டை |x| + |y| < 2. வைரங்களுக்கு நடுவே வைரமாகவே ஒரு துளை! முதன்முதலில் இதைக் கையால் வரைந்தபோது நான் அந்தக் காகிதத்தைப் பல நாள் எடுத்து வைத்திருந்தேன்.

<, ≤ வித்தியாசத்தைப் படத்தில் எப்படிக் காட்டுவது? வலது பக்கம் பூச்சியம் வந்தால்?

≤, ≥ என்றால் எல்லையைத் தொடர்கோடாக, <, > என்றால் விட்டுவிட்டு வரையுங்கள். |x| + |y| ≤ 0 என்றால் ஆதிப்புள்ளி ஒன்று மட்டும், |x| + |y| < 0 என்றால் எதுவுமே இல்லை, |x| + |y| ≥ −3 என்றால் தளம் முழுக்க. வழக்குப் பிரிக்கத் தொடங்கும் முன் வலது பக்கத்தைப் பார்த்துவிட்டால் இவற்றில் நேரம் வீணாகாது.

வைரத்துக்குள் முழு எண் புள்ளிகள் எத்தனை என்று கேட்கிறார்கள். எண்ணித்தான் ஆக வேண்டுமா? வரைந்தது சரியா என்று கணினியில் பார்க்க முடியுமா?

நெடுவரிசையாக எண்ணினால் உடனே முடியும். |x| + |y| ≤ 4-ல் x = 0 என்றால் y −4 முதல் 4 வரை, 9 புள்ளிகள். x = ±1-ல் ஏழேழு, ±2-ல் ஐந்தைந்து, ±3-ல் மும்மூன்று, ±4-ல் ஒவ்வொன்று. 9 + 14 + 10 + 6 + 2 = 41. 41 என்பது 25 + 16, அதாவது 5² + 4². இது தற்செயல் இல்லை. படத்தை 45 பாகை சாய்த்துப் பாருங்கள், x + y இரட்டையாக இருக்கும் புள்ளிகள் 5 × 5 கட்டமாகவும், ஒற்றையாக இருப்பவை அவற்றின் இடைவெளிகளில் 4 × 4 கட்டமாகவும் வரிசையாக நிற்கும். பொதுவாக n-க்கு (n + 1)² + n².

பரப்பையும் இதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். எல்லையில் 16 புள்ளிகள், உள்ளே 25. 1899-ல் கியோர்க் பிக் வெளியிட்ட தேற்றப்படி பரப்பு = உள்ளே + எல்லையில் பாதி − 1 = 25 + 8 − 1 = 32. மேலே வந்த அதே 32.

கணினியில் பார்க்க வரைபட மென்பொருள்கூட வேண்டாம், பைத்தானில் மூன்று வரி போதும்:

```
for y in range(6, -7, -1):
    print(" ".join("#" if abs(x) + abs(y) <= 4 else "."
                   for x in range(-7, 8)))
```

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பது வேண்டுமென்றேதான், திரையில் எழுத்துகள் அகலத்தைவிட உயரம் அதிகம் என்பதால் இடைவெளி இல்லாவிட்டால் வைரம் மேலும் கீழும் இழுத்தமாதிரி தெரியும். நிபந்தனையை மட்டும் மாற்றி `abs(abs(x) - 3) + abs(abs(y) - 2) <= 3` போட்டு ஓட்டினால் நடுவில் ஓட்டை தெரியும், ஆனால் ஐந்தே ஐந்து புள்ளிகளாக: ஆதிப்புள்ளியும் அதன் நான்கு பக்கத்து வீடுகளும். (2, 0), (1, 1) போன்றவை ஓட்டையின் எல்லையில் இருப்பதால் # ஆகத்தான் வரும். நிரல் முழு எண் புள்ளிகளை மட்டுமே பார்க்கிறது, நடுவில் நடப்பது அதற்குத் தெரியாது. விளிம்பு எங்கே போகிறது என்பதற்கு கையால் போட்ட x + y = 2 கோட்டையே நம்புங்கள்.